கஞ்சியும் பெருநாளும் ஒரு திருமணக் குறிப்பும்



நம்மிடம் ஓதிச் சென்ற பிள்ளைகள் வெளிநாடு சென்ற பின்னரும் நம்மைத் தொடர்புகொள்வதுண்டு. பயணத் தொழுகை, வெள்ளைக்காரர் கடைகளில் விற்கும் இறைச்சி, வங்கி வட்டி எனக் கேள்விகள் வரும். 2025ஆம் ஆண்டுக் கோடையில் கீழக்கரைப் பிள்ளை ஒருவர் வேறொரு வேண்டுகோளுடன் எழுதினார். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் இயந்திரவியல் முதுநிலைப் படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் அவருக்கு வயது இருபத்தைந்து. வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். தாம் எழுதிய பயோடேட்டாவை அனுப்பி, "ஹஜ்ரத், இதைப் பார்த்துத் திருத்தித் தாருங்கள்" என்று கேட்டிருந்தார். அவருடைய இசைவுடன், அடையாளம் தெரியாத அளவுக்குச் சில விவரங்களை மாற்றி, அந்தத் திருத்தத்தை இங்கே பகிர்கிறோம். அயல்நாட்டில் படிக்கும் பிள்ளைகள் பலருடைய குறிப்புகள் ஏறத்தாழ இவ்வாறே இருக்கின்றன.

உயரம், நிறம், குடும்ப விவரம், படிப்பு ஆகியவற்றுக்குப் பின் அவருடைய எதிர்பார்ப்பு மூன்று வரிகளில் இருந்தது. நம் ஊர்ச் சமையல் நன்கு தெரிந்தவராக இருக்க வேண்டும். நம் பண்பாட்டையும் பெருநாள்களையும் மதிப்பவராக இருக்க வேண்டும். ஜெர்மனியில் வாழ விருப்பமுள்ளவராக இருக்க வேண்டும். படிப்பதற்கு இம்மூன்றும் குற்றமற்ற வரிகளாகவே தோன்றும். ஆனால் ஒரு பயோடேட்டாவை முதலில் படிப்பவர் பெண்ணின் உம்மாவாகவோ லாத்தாவாகவோதான் இருப்பார். முதல் வரியைப் படித்ததும், "மாப்பிள்ளைக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டும் போலிருக்கிறது" என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். எழுதியவர் அந்தப் பொருளில் எழுதவில்லை. அவர் மனத்தில் இருந்தது ஓர் ஏக்கம். அந்த ஏக்கம் காகிதத்தில் ஏறியபோது ஒரு நிபந்தனையாக மாறிவிட்டது.

எனவே எழுத்தைத் தொடும் முன் தொலைபேசியில் அவரிடம் ஒன்றைக் கேட்டோம்: "தம்பி, எது இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது? பொதுவாகச் சொல்லாமல், ஒரு நாளைச் சொல்லுங்கள்."

அவர் 2024ஆம் ஆண்டு ரமளானைச் சொன்னார். அது அங்கே அவருடைய முதல் நோன்பு. மார்ச் 30 அன்று மாலை ஆறரை மணியளவில் நோன்பு திறந்தவர், மறுநாள் ஏழரை மணி வரை காத்திருந்தார். அன்றிரவு அந்நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்கள். நோன்பின் நீளம் சில நிமிடங்களே கூடியிருந்தாலும், அறையில் தனியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்த அந்த மாலை அவருக்கு மிக நீண்டதாக இருந்தது. அஸருக்குப் பின் பள்ளிவாசல் அண்டாவிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி வாங்கி வரும் வேலை சிறுவயதில் அவருடையது. அது நினைவுக்கு வந்ததாம்.

பெருநாள் ஏப்ரல் 10, புதன்கிழமை வந்தது. அங்கே அது விடுமுறை நாளன்று. அவர் தொழுத பள்ளியில் துருக்கியரும் அரபியரும் மிகுதி. தொழுகை முடிந்து, ஆய்வுக்கூடப் பயிற்சிக்குச் செல்லும் வழியில் வீட்டுக்குப் பேசினார். ஊரில் அன்று பிறை முப்பது. மறுநாள்தான் பெருநாள். "உம்மா நோன்போடு இருந்தார்கள் ஹஜ்ரத். நான் பெருநாள் வாழ்த்துச் சொன்னேன். எங்களுக்கு நாளைக்குத்தானே வாப்பா என்றார்கள். அன்றைக்கும் எனக்குப் பெருநாள் இல்லை, மறுநாளும் இல்லை" என்றார்.

இவ்வளவும் அவரிடம் இருந்தும், பயோடேட்டாவில் ஒரு சொல்கூட இடம்பெறவில்லை. அடுத்ததாக, அந்தக் கஞ்சிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். தாமே காய்ச்சக் கற்றுக்கொண்டாராம். துருக்கியர் கடையில் ஹலால் கொத்துக்கறி கிடைக்கிறது. ஆசியக் கடையில் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பால் டின்னும் கிடைக்கின்றன. உறைநிலையில் வைத்த ரம்பை இலைகூட ஒருமுறை கிடைத்திருக்கிறது. நொய்யரிசி கிடைக்காததால் பாசுமதியை மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றி உடைத்துக்கொள்கிறார். முதல் முறை வெந்தயத்தை அள்ளிப் போட்டுவிட்டதால் கஞ்சி கசந்தது. அடுத்த முறை அரைத் தேக்கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். தேங்காய்ப்பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டபோது திரிந்தது. இப்போது அடுப்பை அணைக்கும் நேரத்தில் ஊற்றுகிறார். 2025 ரமளானில் வார இறுதி நாள்களில் விடுதித் தோழர்கள் ஆறு பேருக்கு அவரே காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். அவர்களில் இருவர் பங்களாதேஷ்காரர்கள், ஒருவர் எகிப்தியர்.

"தம்பி, சமையல் தெரிந்த பெண் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் சமையல் தெரிந்தவர் நீங்கள்தானே?" என்று கேட்டோம். சிரித்துவிட்டார்.

திருத்தம் அங்கிருந்துதான் தொடங்கியது. பெண் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வரியை எடுத்துவிட்டு, தாம் என்ன செய்கிறார் என்று சொல்லும் வரியை எழுதச் சொன்னோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பை நாம் வகுப்பில் ஓதிக் கொடுத்திருக்கிறோம். ஓதியவர் அதன்படி நடந்தும் வருகிறார். அதைக் குறிப்பில் எழுத மட்டும் கூச்சப்பட்டிருக்கிறார். "மாப்பிள்ளை சமைக்கிறார் என்றால் கேவலமாக நினைப்பார்களோ" என்று அவர் தயங்கினார். அவ்வாறு நினைக்கும் குடும்பம் தொடக்கத்திலேயே விலகிக்கொள்வது இரு தரப்பாருக்கும் நல்லது என்றோம்.

அடுத்தது பெருநாள் பற்றிய வரி. "பெருநாள்களை மதிப்பவர்" என்று மட்டும் எழுதினால், அதைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் தன் வழக்கத்தையே அதற்குப் பொருளாகக் கொள்ளும். நம் கடற்கரை ஊர்களில் சில வீடுகளில் இரு பெருநாள்களோடு ரபீஉல் அவ்வல் மவ்லிதும் கந்தூரியும் ஆண்டின் பெரிய நாள்கள். வேறு சில வீடுகளில் இரு பெருநாள்களைத் தவிர எதுவும் கிடையாது. இரண்டு வகை வீடுகளும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன. இதில் எது சரி என்ற விவாதத்துக்கு இது இடமன்று. ஆனால் நிக்காஹ் முடிந்து மூன்றாம் மாதம் மவ்லித் வரும்போதுதான் ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரிய வருகிறது என்றால், பண்டிகையே பிணக்கின் நாளாகிவிடும். அப்படிப்பட்ட பஞ்சாயத்துகளில் நாம் அமர்ந்திருக்கிறோம். ஆகவே தம் வீட்டு வழக்கம் எது, தம் நிலை எது என இரண்டையும் தனித்தனியே எழுதச் சொன்னோம். பிறை விஷயமும் அப்படியே. அங்கே உள்ளூர்ப் பள்ளியோடு பெருநாள் கொண்டாடுவதா, ஊரின் அறிவிப்புக்குக் காத்திருப்பதா என்பதை ஒரு தம்பதி ஒவ்வோர் ஆண்டும் முடிவுசெய்தாக வேண்டும். அந்த முடிவை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

மூன்றாவது வரியில்தான் நாம் அதிக நேரம் நின்றோம். "ஜெர்மனியில் வாழ விருப்பமுள்ளவர்" என்றால், நிக்காஹ் முடிந்ததும் விமானம் ஏறிவிடலாம் என்றே பெண் வீட்டார் எண்ணுவார்கள். உண்மை நிலை வேறு. அவர் தங்கியிருப்பது மாணவர் விடுதியின் ஒற்றை அறை. அதில் இருவர் குடியிருக்க இயலாது. மாணவராக இருக்கும்வரை ஆண்டுக்கு 140 முழு நாள்கள் என்ற வரம்புக்குள்தான் வேலை செய்யலாம். மனைவியை அழைக்க இருவருக்கும் போதுமான வருமானத்தையும் இருப்பிடத்தையும் காட்ட வேண்டும். மனைவியும் பொதுவாக ஏ1 எனப்படும் தொடக்கநிலை ஜெர்மன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாதங்கள் வரை தங்க அனுமதி உண்டு. அதற்குள் தகுந்த வேலை அமைந்தால் நிலைமை எளிதாகும். அமையாவிட்டால் ஊர் திரும்ப நேரிடும். இவற்றை எழுதினால் நல்ல வரன் தள்ளிப்போகுமே என்று அவருடைய வாப்பா வருந்தினார்கள்.

அவர்களுக்கு ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் நிகழ்வை நினைவூட்டினோம். தம்மை இருவர் பெண் கேட்டிருப்பதாக அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, ஒருவரிடம் பொருள் வசதி இல்லை என்பதையும், மற்றவர் தோளிலிருந்து கைத்தடியை இறக்காதவர் என்பதையும் நபியவர்கள் மறைக்காமல் சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி ஆலோசனை கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது. பொருள் இல்லை என்பது இழிவுக்காகச் சொல்லப்படவில்லை. முடிவெடுக்க வேண்டிய பெண்ணுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது. விசாவின் நிலையும் விடுதி அறையின் அளவும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

கீழக்கரை வரனுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊரில் திருமணத்துக்குப் பின் பெண் தன் உம்மா வீட்டிலேயே இருப்பதும், மாப்பிள்ளை அங்கே வருவதும் பழைய வழக்கம். அப்படி வளர்ந்த பெண்ணுக்கு நோன்புக் கஞ்சி ஓர் ஏக்கமாக இருக்க வாய்ப்பில்லை. அது தினமும் அடுப்படியில் இருக்கிறது. வட்டலப்பமும் தொதலும் அவர் கேட்காமலே வருகின்றன. தம் ஏக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் துணை வேண்டும் என்று மாணவர் விரும்புகிறார். ஆனால் இழக்காத ஒன்றுக்கு யாரும் ஏங்குவதில்லை. அந்தப் பெண் கெம்னிட்ஸ் வந்து சேர்ந்த பின்னரே அவருக்கு அது தொடங்கும். அப்போது இவர் பகலெல்லாம் வேலையில் இருப்பார். மொழி பழகாத ஊரில் அவர் அறையில் தனியே இருப்பார். இவருக்கு இரண்டு ஆண்டுகளில் தணிந்த ஏக்கம் அவருக்கு அன்றுதான் முழு வேகத்தில் வரும். இதை நாம் சொன்னபோது மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் என் ஏக்கத்தைப் புரிந்துகொள்பவர் வேண்டும் என்று எழுதுவதை விட, அவர்களுக்கு வரப்போகும் ஏக்கத்துக்கு நான் என்ன செய்வேன் என்று எழுதுவதுதான் சரி" என்றார். அந்தச் சொல் நம்முடையதன்று, அவருடையது.

இவ்வாறு நான்கு முறை எழுதி முடிந்த குறிப்பின் முக்கியப் பகுதி இது:

"நான் கெம்னிட்ஸில் இயந்திரவியல் முதுநிலை படிக்கிறேன். 2026இல் படிப்பு முடியும். அதன் பின் வேலை தேட 18 மாதம் வரை இங்கே தங்கலாம். வேலையும் இருவர் வாழத்தக்க வீடும் அமைந்த பிறகே மனைவியை அழைத்துவர இயலும். அதற்கு ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். வேலை அமையாவிட்டால் ஊர் திரும்புவேன்.

ஐவேளைத் தொழுகையைப் பேணி வருகிறேன். ஜும்ஆவுக்கு வகுப்பு இடையூறாக வரும் பருவங்களில் நேர அட்டவணையை மாற்றிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் மவ்லித் ஓதும் வழக்கம் உண்டு. நான் அதில் கலந்துகொள்வேன், மற்றவரை வற்புறுத்த மாட்டேன். இங்கே இருக்கும் வரை உள்ளூர்ப் பள்ளியின் அறிவிப்புப்படி பெருநாள் கொண்டாடுகிறேன். ஊரில் பெருநாள் மறுநாள் வந்தால் அன்றிரவு குடும்பத்தோடு பேசுவதற்கென நேரம் ஒதுக்குகிறேன்.

ஊர் உணவும் நோன்புக் காலமும் எனக்குப் பெரிய இழப்பாக இருக்கின்றன. நோன்புக் கஞ்சி, நெய்ச்சோறு, தால்ச்சா நானே சமைக்கிறேன். வட்டலப்பம் இன்னும் சரியாக வரவில்லை. சமையல் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை அன்று. பெருநாளன்று நான்கு பேரை வீட்டுக்கு அழைத்து உண்ணவைப்பதில் மகிழ்பவராக இருந்தால் போதும்.

இங்கே வருபவருக்கு முதல் ஆண்டு கடினமாக இருக்கும். மொழி வகுப்புக்கான செலவு என் பொறுப்பு. ஆண்டுக்கு ஒருமுறை, இயன்றவரை நோன்பிலோ பெருநாளிலோ ஊர் வந்து செல்வதை என் கடமையாகக் கொள்வேன். வெளியூரில் படித்தவரோ பணிபுரிபவரோ ஆனாலும் மகிழ்ச்சியே. வரதட்சணையோ சீரோ வேண்டாம். மஹரைப் பெண்ணின் விருப்பப்படி பேசி முடிவுசெய்யலாம்."

இதில் அழகான வரி என்று எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால், வேண்டுமானால் விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. "வட்டலப்பம் இன்னும் சரியாக வரவில்லை" என்ற வரியை எடுத்துவிடலாமா என்று வாப்பா கேட்டார்கள். வேண்டாம் என்றோம். அந்த ஒரு வரியே இவர் உண்மையில் அடுப்படியில் நிற்பவர் என்பதற்குச் சான்று.

முன்னர் அனுப்பிய குறிப்பைக் கேட்டு வாங்கியவர்கள் பலர். இதைப் படித்துத் தொடர்புகொண்டவை மூன்று குடும்பங்கள் மட்டுமே. ஒரு குடும்பம், ஓராண்டுக்கு மேல் பெண் காத்திருக்க வேண்டியதில்லை என்று நாகரிகமாக விலகிக்கொண்டது. நிக்காஹுக்குப் பின் தெரிந்திருந்தால் அது வழக்காகியிருக்கும். இன்னொரு குடும்பம் மவ்லித் வரியைக் காட்டித் தங்களுக்கு ஒத்துவராது என்றது. மூன்றாவது வீட்டில் பெண் கோயம்புத்தூர் விடுதியில் நான்கு ஆண்டுகள் படித்தவர். அவர் தம் வாப்பா மூலம் இரண்டு கேள்விகள் அனுப்பினார். பெருநாளுக்கு அழைக்கும் நான்கு பேரில் பெண்களும் உண்டா, அல்லது அறை நிறைய ஆண்களா என்பது ஒன்று. தாம் ஊருக்கு ஏங்கி அழும் நாளில், நீதானே வர ஒப்புக்கொண்டாய் என்று சொல்லிக்காட்டுவாரா என்பது மற்றொன்று.

அவர்கள் பெற்றோர் முன்னிலையில் பேசும் நாளுக்கு முன், மாணவரிடம் ஒன்று சொன்னோம். "பெருநாள் பிடிக்குமா, சமையல் பிடிக்குமா" என்று கேட்டால் எவரும் ஆம் என்றே சொல்வார். "விடுதியில் இருந்தபோது முதல் நோன்பை எப்படித் திறந்தீர்கள்" என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார். விருப்பத்தைக் கேட்பதைவிட நடந்ததைக் கேட்டால் பொருத்தம் விளங்கும். அவர் அப்படியே கேட்டிருக்கிறார். விடுதியில் பொதுச் சாப்பாடு இரவு எட்டு மணிக்குத்தான் என்பதால், மின்கெட்டிலில் அரிசிமாவைக் கரைத்துக் காய்ச்சி, அதைக் கஞ்சி என்று சொல்லி நான்கு தோழியரும் குடித்ததாக அந்தப் பெண் சொன்னாராம். "கசந்ததா?" என்று இவர் கேட்க, "வெந்தயமே போடவில்லையே" என்று பதில் வந்ததாம்.

இரு வீட்டாரும் இப்போது பேசி வருகிறார்கள். பெண் ஏ1 தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறார். எதுவும் முடிவாகவில்லை. முதல் கேள்விக்கு மாணவர் உடனே பதில் எழுதிவிட்டார்: இதுவரை வந்தவர்கள் ஆண்களே, இனிக் குடும்பங்களையும் அழைக்க வேண்டும். இரண்டாம் கேள்விக்கு என்ன எழுதுவது என்று நம்மிடம் கேட்டார். அதை நாம் எழுதித் தர இயலாது, நீங்களே யோசித்து எழுதுங்கள் தம்பி என்றோம். மூன்று நாள் கழித்து எழுதி அனுப்பியிருக்கிறார். என்ன எழுதினார் என்று நாம் கேட்கவில்லை.

வல்ல அல்லாஹ் அவ்விருவருக்கும் நன்மையானதை நாடி, அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.